கல்நார்த் தூசியும் நுரையீரல் உறையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

என் அப்பா பிரேக் லைனிங் செய்யும் ஆலையில் 1978 முதல் 22 வருடம் வேலை பார்த்தவர். குடலிறக்க அறுவைக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் ‘இரு பக்கமும் கால்சிஃபைட் ப்ளூரல் ப்ளாக்’ என்று வந்திருக்கிறது. அவருக்கு மூச்சிரைப்பு எதுவும் கிடையாது. இது கேன்சரின் ஆரம்பமா?

இல்லை. ப்ளாக் கேன்சர் கிடையாது, பிற்பாடு கேன்சராக மாறுவதும் இல்லை. பிரேக் லைனிங்கில் சேர்த்த கல்நாரின், அதாவது ஆஸ்பெஸ்டாஸின், இழைகள் நுரையீரலுக்குள் போய், விலா எலும்புகளின் உட்புறத்தை மூடியிருக்கும் உறையில் வருடக்கணக்காகத் தங்குகின்றன. அங்கே தழும்பு தடித்து, பிறகு சுண்ணாம்பு படிகிறது. அந்தத் தடிப்புதான் ப்ளாக். முதன்முதலில் தூசி பட்டதிலிருந்து 20, 30 வருடம் கழித்துத்தான் இது பெரும்பாலும் படத்தில் தெரியும். அப்பா விஷயத்தில் காலக்கணக்கு சரியாகவே இருக்கிறது.

கல்நார் ப்ளாக்கை அது இருக்கும் இடத்தை வைத்தே அடையாளம் காணலாம். மார்புக்கூட்டின் பக்கவாட்டிலும் முதுகுப் பக்கத்திலும், ஏறக்குறைய ஆறாம் விலாவுக்கும் ஒன்பதாம் விலாவுக்கும் இடையில் இருக்கும். உதரவிதானத்தின் மேல்புறத்திலும் இருக்கும். உருகிய மெழுகு வழிந்து உறைந்தது போல ஓரம் ஒழுங்கில்லாமல் தெரியும். நுரையீரலின் உச்சியையும், கீழே உதரவிதானம் விலாவோடு சேரும் மூலையையும் பெரும்பாலும் தொடாது. பழைய காசநோயின் சுண்ணாம்புப் படிவு வேறு மாதிரி. அது பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருக்கும், உறை மொத்தமாகத் தடித்திருக்கும், கீழ் மூலை மழுங்கியிருக்கும், உச்சியிலும் தழும்பு இருக்கும். நம் ஊரில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். உடல் பருத்தவர்களுக்கு விலாவின் உட்புறம் படியும் கொழுப்பும் எக்ஸ்ரேயில் ப்ளாக் மாதிரியே தெரியும். சி.டி. எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்பாவுக்கு ஒரு முறை, நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சி.டி.யான ஹெச்.ஆர்.சி.டி.யும் நுரையீரல் செயல்திறன் சோதனையும் செய்து அறிக்கைகளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் நார்த்தழும்பு, அதாவது ஆஸ்பெஸ்டோசிஸ், இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. ப்ளாக்குக்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை. கல்நாரால் இந்த உறையில் வரும் கேன்சரான மீசோதெலியோமாவைத் தேடி வருடா வருடம் சி.டி. எடுப்பதால் ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் விடாத நெஞ்சுவலி, புதிதாக மூச்சிரைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது வந்தாலும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

என் மாமனாருக்கு 72 வயது. வலது பக்க நெஞ்சில் நீர் கோத்து, ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். நீரில் கேன்சர் செல் இல்லை, லிம்ஃபோசைட் அதிகம், ஏ.டி.ஏ. 28 என்றார்கள். டி.பி. மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. நீர் மறுபடி சேர்ந்துவிட்டது, எடையும் குறைகிறது. 1973 முதல் 79 வரை சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்த்தாராம். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கலாம், அதனால்தான் இதற்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன். அந்தக் காலத்துக் கப்பல்களில் பாய்லரையும் நீராவிக் குழாய்களையும் கல்நாரால் சுற்றி மூடியிருப்பார்கள். பழுது பார்க்க வேண்டுமானால் அந்தப் பழைய உறையை உடைத்துப் பிய்த்தெடுக்க வேண்டும். காற்றோட்டமில்லாத எஞ்சின் அறையில் பிய்ப்பவர் மட்டுமில்லாமல், பக்கத்தில் வெல்டிங் செய்தவரும் பெயின்ட் அடித்தவரும் அதே தூசியைச் சுவாசித்தார்கள். மீசோதெலியோமா தூசி பட்ட 30, 40 வருடம் கழித்தும் வரும், அதற்குப் பிறகும் வரும். அதனால் “இப்போது என்ன வேலை” என்று கேட்டால் பயனில்லை. பதினைந்து வயதிலிருந்து பார்த்த ஒவ்வொரு வேலையையும் வரிசையாகக் கேட்க வேண்டும். எந்த இடம், கையில் என்ன பொருள், பக்கத்தில் யார் என்ன செய்தார்கள், வேலை முடிந்து சட்டையில் வெள்ளைத் தூசி ஒட்டியிருந்ததா? மாமனாரிடம் உட்கார்ந்து இதைக் கேட்டு ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.

இப்போது சோதனை முடிவுகளைப் பார்ப்போம். நெஞ்சு நீரில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு அதிகம் என்பது டி.பி.க்கும் பொருந்தும், கேன்சருக்கும் பொருந்தும். ஏ.டி.ஏ. என்பது நீரில் அளக்கும் ஒரு நொதி, அது 40-க்கு மேல் இருந்தால் டி.பி. பக்கம் சாயலாம். 28 அந்தப் பக்கம் சாயவில்லை. நீரில் கேன்சர் செல் இல்லை என்பதும் நிம்மதி தராது, ஏனென்றால் மீசோதெலியோமா நோயாளிகள் பலருக்கு நீர்ச் சோதனையில் எதுவும் தெரியாது. இரண்டு மாத மருந்துக்குப் பிறகும் நீர் சேர்ந்து எடையும் குறைகிறது என்றால், டி.பி. என்ற முடிவையே மறுபடி யோசிக்க வேண்டும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

அடுத்து, நீரை எடுத்த பிறகு கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் கொடுத்து சி.டி. எடுக்க வேண்டும். அதில் நான்கு விஷயங்களைத் தேடுவோம். உறை கட்டி கட்டியாகத் தடித்திருக்கிறதா, தடிப்பு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா, நுரையீரலைச் சுற்றி வளையமாகப் பரவியிருக்கிறதா, இதயத்தை ஒட்டிய உட்பக்க உறையும் தடித்திருக்கிறதா? கடைசியாகச் சொன்னதை நான் முதலில் பார்ப்பேன். சாதாரண ப்ளாக்கும் பழைய டி.பி. தடிப்பும் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை. இன்னொரு துப்பும் உண்டு. நீர் நிறையச் சேர்ந்தால் இதயம் எதிர்ப்பக்கம் தள்ளப்பட வேண்டும். தள்ளப்படாமல் அந்தப் பக்க மார்பே சுருங்கியிருந்தால், கெட்டியான உறை நுரையீரலை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். இடது பக்க உதரவிதானத்தில் சுண்ணாம்புப் ப்ளாக் ஒன்று தெரிந்தால் கல்நார் பட்டதற்கு அது சாட்சி. ஆனால் ப்ளாக் இல்லை என்பதால் மீசோதெலியோமா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

படம் சந்தேகத்தைத்தான் சொல்லும், முடிவைச் சொல்வது சதைத் துண்டு. மார்பில் சிறு துளையிட்டுக் கேமராக் குழாயை விடும் தோராகோஸ்கோபி மூலம் உறையை நேரில் பார்த்துப் பல இடங்களில் துண்டெடுப்பது நல்லது. அது முடியாவிட்டால் சி.டி. பார்த்தபடி தடித்த இடத்தில் ஊசி மூலம் எடுக்கலாம். மீசோதெலியோமாவையும் நுரையீரல் கேன்சரின் பரவலையும் பிரிக்க, துண்டிலுள்ள புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்கும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி சோதனை கட்டாயம் வேண்டும். பெட் ஸ்கேன் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், டி.பி. உறையும் அதில் பளிச்சென்று ஒளிரும்.

கல்நாரோடு சிகரெட்டும் சேர்ந்தால் மீசோதெலியோமா ஆபத்து கூடுமா?

மீசோதெலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பில்லை. ஆனால் நுரையீரல் கேன்சர் விஷயம் அப்படியில்லை, கல்நாரும் சிகரெட்டும் சேரும்போது ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. ப்ளாக் இருப்பவர் உடனே புகையை நிறுத்த வேண்டும்.

என் அம்மா ஆலைக்குப் போனதில்லை. அப்பாவின் தூசி படிந்த யூனிஃபார்மைப் பல வருடம் துவைத்தவர். அவருக்கும் ஆபத்து உண்டா? எங்கள் வீட்டுக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான்.

உண்டு. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற ஆய்வாளரின் குழு 33 மீசோதெலியோமா நோயாளிகள் பற்றி எழுதியபோது, அவர்களில் கல்நார்ச் சுரங்கத்தில் வேலையே பார்க்காமல் பக்கத்தில் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். 1965-இல் லண்டன் ஆய்வில் கணவரின் வேலைத் துணியைத் துவைத்த பெண்கள் வந்தார்கள். அம்மாவுக்கு ஒரு பக்க நெஞ்சு நீர் வந்தால் இந்தத் துணி துவைத்த கதையை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உடையாத கூரை ஷீட் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. அறுப்பது, துளை போடுவது, உடைத்துக் குவிப்பதுதான் சிக்கல். மாற்றும்போது நனைத்துவிட்டு முழுசாக இறக்கச் சொல்லுங்கள், பெருக்காதீர்கள்.

அப்பா வேலை பார்த்த ஆலை மூடியே பத்து வருடம் ஆகிறது. நஷ்டஈடு கேட்க வழி உண்டா?

கேட்டுப் பார்க்க வேண்டும். கல்நாரால் வரும் நுரையீரல் கேன்சரும் மீசோதெலியோமாவும் தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளன. 1995-இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. பழைய சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண், கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம், பயாப்சி அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துத் தொழிற்சங்க வக்கீலிடம் கொடுங்கள். சிகிச்சை அறிக்கையில் வேலை விவரமும் காலமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள்.