ஓவியம் கையில் இல்லை, சொல்லில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் விடியற்காலைப் படகுகளை நீர்வண்ணத்தில் வரைந்தேன். புதுச்சேரிக்கு வந்த ஒருவர் அதை வாங்கிச் சென்றுவிட்டார். போன் பழுதானதில் புகைப்படமும் அழிந்துவிட்டது. ‘நீல வானம், மூன்று படகுகள், அமைதியான காலை’ என்று எழுதி என் ஓவிய ஆசிரியரிடம் கருத்துக் கேட்டேன். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்கிறார். வேறு எப்படி எழுதுவது?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நீங்கள் எழுதியது துறைமுகத்தைப் பற்றி. ஆசிரியருக்கு வேண்டியது தாள்: எது எங்கே, எவ்வளவு இடத்தில் இருந்தது என்பது.

முதலில் பென்சிலை எடுங்கள். ஓவியம் ஏ3 தாளில் என்றால், ஏ6 அளவில் ஒரு கட்டம் போடுங்கள். நீள அகல விகிதம் மாறாது. அதில் வெள்ளை, நடுத்தரச் சாம்பல், கருமை என மூன்றே அழுத்தங்களில் நினைவிலிருந்து தீட்டுங்கள். கை தயங்கும் இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். இது முக்கியம். நாம் வரைய நினைத்ததையே வரைந்ததாக நினைவு சொல்லும். குறையைத் தானே திருத்திவிடும்.

பிறகு அந்தக் கட்டத்தைப் பார்த்து எழுதுங்கள். உதாரணமாக: ‘படுக்கைவாட்டுத் தாள். தொடுவானம் சரிபாதியில். மூன்று படகுகளும் ஒரே அளவு, ஒரே இடைவெளி, முனைகள் எல்லாம் வலப்பக்கம். மிகக் கருமையான இடம் இடது ஓரப் படகின் அடிப்பகுதி.’ இப்படி எழுதினால் ஆசிரியர் உடனே பேசுவார். சரிபாதித் தொடுவானம் படத்தை இரண்டாக வெட்டுகிறது. மூன்று முனைகளும் கண்ணை வலது விளிம்புக்கு வெளியே இழுத்துச் செல்கின்றன.

வெளிச்சம் வரும் திசையையும் எழுதுங்கள். நம் கடல் கிழக்கே இருப்பதால், விடியலில் கடலைப் பார்த்து நின்று வரைந்திருந்தால் படகுகளின் உங்கள் பக்கம் நிழலில் இருக்க வேண்டும். அங்கே வெளிச்சம் தீட்டியிருந்தால், அதை அப்படியே ஒப்புக்கொண்டு எழுதுங்கள்.

‘நீலம்’ என்ற ஒற்றைச் சொல் பயன்படாது. எந்த டியூப், எதோடு கலந்தது, எவ்வளவு பரப்பு என்று சொல்லுங்கள்: ‘அல்ட்ராமரைனில் சிறிது பர்ன்ட் சியன்னா கலந்த சாம்பல் நீலம், உச்சியில் அடர்த்தி, தொடுவானத்தருகே தண்ணீர் மிகுதி. சிவப்பு ஒரே இடத்தில், நடுப்படகின் விளிம்பில் விரல்நகம் அளவு.’ அந்தச் சிவப்பு எதற்கு அருகில் இருந்தது என்பதையும் சேருங்கள். சாம்பலுக்கு நடுவே இருந்தால் அது கூவும். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அடங்கிவிடும்.

‘அமைதி’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றதைப் படித்துவிட்டு என்ன உணர்வு வருகிறது என்று அவரையே கேளுங்கள். அவர் ‘வெறுமை’ என்றால், நீங்கள் நினைத்தது தாளில் வரவில்லை என்று பொருள்.

தூரிகை ஓட்டம், ஈரத்தில் நிறம் பரவிய விதம், ஓரங்களின் மென்மை இவற்றை எழுத்தில் வைத்து யாரும் மதிப்பிட முடியாது. அவற்றைக் கேட்காதீர்கள். சிறு கட்டத்தோடு ஒரே ஒரு கேள்வியை அனுப்புங்கள்: ‘நடுப்படகை எங்கே நகர்த்தியிருக்கலாம்?’