ஜூன் மாதம் கட்ட வேண்டிய ஃபீஸ் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி (மதுரை, ஓர் அம்மா): மகள் இப்போ பத்தாவது முடிக்கப் போறா. அவ காலேஜுக்காக எஸ்.ஐ.பி-யில ஷேர் ஃபண்டுல போட்டது 9 லட்சமா வளர்ந்திருக்கு. போட்டது 6 லட்சம். அப்படியே விடலாமா, எடுத்துடணுமா?

பதில்: பாதியை எடுங்கள் அம்மா, பாதியை விடுங்கள். காரணம் சொல்கிறேன்.

ஹாஸ்டலோடு சேர்த்து வருடத்துக்கு இரண்டேகால் லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடப் படிப்புக்கு மொத்தம் 9 லட்சம். ஆனால் அது ஒரே நாளில் கட்டுகிற பணம் இல்லை. முதல் வருட ஃபீஸுக்கு இன்னும் இரண்டு வருடம், இரண்டாம் வருடத்துக்கு மூன்று, கடைசி வருடத்துக்கு ஐந்து. உங்கள் கையில் இருப்பது நான்கு வெவ்வேறு தேதிகளுக்கான நான்கு தொகைகள். தேதி நெருங்கிய தொகை ஷேரில் இருந்தால், அந்த நேரம் சந்தை விழுந்திருந்தாலும் விற்றுத்தான் கட்ட வேண்டும்.

முதல் இரண்டு வருட ஃபீஸான நாலரை லட்சத்தை இப்போதே ஃபண்டிலிருந்து எடுத்து, இரண்டு தனித்தனி எஃப்.டி-யாகப் போடுங்கள். ஒன்று அவள் சேரும் வருடம் மே மாதம் முதிரட்டும், மற்றது அடுத்த மே. மீதி ஃபண்டிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு வருடமும் அடுத்த ஃபீஸுக்கான பங்கை, கட்ட இரண்டு மூன்று வருடம் இருக்கும்போதே எஃப்.டி-க்கு நகர்த்துங்கள்.

எடுக்கும்போது ஒரு சின்ன விஷயம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஷேர் ஃபண்டில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். விற்றால் முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் போகும், அதில்தான் லாபமும் அதிகம். அதனால் நாலரை லட்சத்தில் ஏறத்தாழ 2 லட்சம் லாபமாக இருக்கலாம். மார்ச் 31-க்கு முன் பாதி, ஏப்ரலில் பாதி என்று எடுத்தால் இரண்டு வருடக் கணக்கில் பிரிந்துவிடும். வரியே வராது.

கேள்வி (சேலம்): சார், நான் 2020-ல கொரோனா சமயத்துல ஒண்ணுமே எடுக்கல. நவம்பர்ல எல்லாம் திரும்பி வந்துடுச்சு. சும்மா பயமுறுத்துறீங்களோன்னு தோணுது.

பதில்: நீங்கள் பொறுத்திருந்தது சரிதான். ஆனால் உங்களுக்கு அந்த வருடம் ஜூனில் பணம் தேவைப்படவில்லை.

2020 ஜனவரி நடுவில் சென்செக்ஸ் 42,000-ஐ ஒட்டி இருந்தது. மார்ச் 23-ல் 26,000-க்குக் கீழே முடிந்தது. சந்தையைப் போலவே நகர்ந்த ஃபண்டில் ஜனவரியில் 10 லட்சம் வைத்திருந்தவருக்கு அன்று ஏறத்தாழ 6 லட்சத்து 20 ஆயிரம். ஜூன் கடைசியில்கூட 8 லட்சத்து சொச்சம்தான். நவம்பரில் 42,000 திரும்பியது உண்மை. அந்த ஐந்து மாதம் எந்தக் கல்லூரியும் காத்திருக்காது. ஜூனில் விற்றுக் கட்டியவருக்கு அந்த இழப்பு நிரந்தரம், ஏனென்றால் விற்ற யூனிட் திரும்ப ஏறினாலும் அது இப்போது அவருடையது இல்லை.

அதுவும் அந்த முறை சீக்கிரம் மீண்டது. 2008 ஜனவரியில் 21,000 தொட்ட சென்செக்ஸ், அதே வருடம் அக்டோபரில் 8,000-க்கும் கீழே போய் வந்தது. 2010 கடைசியில் மறுபடி 21,000-ஐத் தொட்டுவிட்டு இறங்கியது. அந்த அளவைத் தாண்டி நிலைத்தது 2013 கடைசிக்குப் பிறகுதான்.

கேள்வி (திருச்சி): அப்போ பி.பி.எஃப், செல்வமகள் மாதிரி எல்லாம் நீண்டகாலம், எஃப்.டி குறுகிய காலம். இதை மனப்பாடம் பண்ணிட்டா போதும், சரிதானே?

பதில்: பாதி சரி. திட்டத்தின் பெயர் காலத்தைச் சொல்லாது, இன்னும் எத்தனை வருடம் பூட்டி இருக்கிறது என்பதுதான் சொல்லும். இன்று புதிதாகத் திறக்கும் பி.பி.எஃப் 15 வருடப் பணம். ஆனால் 2012 அக்டோபரில் திறந்த கணக்கு 2028 ஏப்ரல் 1-ல் முழுதாகக் கைக்கு வரும். 15 வருடத்தை எண்ணுவது கணக்கு திறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து. அப்படியொரு கணக்கு வீட்டில் இருந்தால், 2028-ல் கட்ட வேண்டிய ஃபீஸுக்கு எஃப்.டி-யைவிட நல்ல இடம் அதுதான், வட்டிக்கு வரியும் இல்லை.

மாறாக, நான்கு வருடத்தில் வீட்டு முன்பணம் தேவைப்படுகிறவர் வரிக்காகப் புதுக் கணக்கு திறந்து மொத்தத்தையும் போட்டால் மாட்டிக்கொள்வார். ஏழாவது நிதியாண்டிலிருந்துதான் ஒரு பகுதியை எடுக்க முடியும்.

கேள்வி (நாகர்கோவில்): எனக்கு ஷேரெல்லாம் வேண்டாம். பொண்ணுக்கு எட்டு வயசு. கல்யாணத்துக்கு முப்பது பவுன் போடணும். தங்கம் ஏறி இறங்குதுன்னு சொல்றாங்க, எஃப்.டி-யில போட்டு கடைசில வாங்கலாமா?

பதில்: உங்கள் தேவை ரூபாயில் இல்லை, பவுனில். அதனால் கணக்கு தலைகீழ். தங்கம் விலை ஏறினால் நீங்கள் வாங்க வேண்டியதும் ஏறுகிறது. ரூபாயில் சேர்த்துக் கடைசியில் வாங்குவதுதான் இங்கே ஆபத்து. வருடம் கொஞ்சமாகத் தங்கமாகவே சேர்ப்பது சரி. நகையாக வேண்டாம், கடைசியில் டிசைன் மாற்றும்போது செய்கூலி, சேதாரம் இரண்டு முறை போகும். காசாகவோ, தங்க இ.டி.எஃப் ஆகவோ சேருங்கள். நகைக்கடைச் சீட்டு அடுத்த வருடம் வாங்கப் போகிற நகைக்கு மட்டும். அது பதினொரு மாதக் கணக்கு, கடை மூடினால் வங்கிக்கு இருக்கிற 5 லட்சம் டெபாசிட் காப்பீடு அங்கே கிடையாது.

முப்பது பவுன் வேண்டுமா என்று உங்கள் மகளிடம் பத்து வருடம் கழித்துக் கேளுங்கள். படிப்புக்கென்று ஒரு பங்கை இப்போதே தனியாக எடுத்து வைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

கேள்வி (சென்னை): எஃப்.டி வட்டியை விலைவாசி தின்னுடுமே? இரண்டு வருஷம்னாலும் நஷ்டம்தானே?

பதில்: சில வருடங்களில் ஆம், வரி போக விலைவாசிக்குப் பின்தங்கும். அது முன்பே தெரிந்த சின்ன நஷ்டம், வருடத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம். ஃபீஸ் கட்டும் மாதம் 38 சதவீதம் குறைவதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் பதினைந்து வருடம் எஃப்.டி-யிலேயே இருந்தால் அந்தச் சின்னது சேர்ந்து பெரிதாகும். அங்கே உங்கள் கவலை முழுக்க நியாயம்.

கேள்வி (ஈரோடு): ஷேர் ஃபண்டுக்கு அஞ்சு வருஷம் போதும்னு எங்க ஏஜென்ட் சொல்றார். நீங்க?

பதில்: நான் ஏழு என்பேன். 2008 ஜனவரியில் மொத்தமாகப் போட்டவருக்கு ஐந்து வருடம் போதவில்லை. மாதாமாதம் போட்டவருக்குப் போதுமானதாக இருந்தது என்று உங்கள் ஏஜென்ட் சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன். இது இன்னும் வாதமாகவே இருக்கிறது. தேதியைத் தள்ளிப்போட முடிகிற செலவுக்கு, உதாரணமாகக் காருக்கு, ஐந்து வருடத்தை நானே ஒப்புக்கொள்வேன்.

கேள்வி (மறுபடி மதுரை அம்மா): ரொம்ப நன்றிங்க. எஃப்.டி முதிர்ந்ததும் பணம் தானா சேமிப்புக் கணக்குக்கு வந்துடும்ல?

பதில்: பல வங்கிகளில் நீங்கள் சொல்லாவிட்டால் வராது. தானாகவே அதே காலத்துக்குப் புதுப்பித்துவிடும். என் தம்பி மகனுக்கு ஹாஸ்டல் பணம் கட்ட இரண்டு நாள் இருக்கும்போது இதைக் கண்டுபிடித்தோம், எஃப்.டி-யை உடைத்தோம். போடும்போதே படிவத்தில் முதிர்வுக்கான இடத்தில் ‘கணக்கில் வரவு வை’ என்று குறியுங்கள். ரசீது வந்ததும் முதிர்வுத் தேதியோடு அந்த வரியையும் படித்துப் பாருங்கள் அம்மா.