பல்லிகள் பிரிந்த காலம் தீவைவிடப் பழையதாக வருகிறது

“மொரிஷியஸ் பகல் பல்லி இனங்கள் இரண்டின் சைட்டோக்ரோம் பி மரபணு 12% வேறுபடுகிறது. பத்து லட்சம் ஆண்டுக்கு 1% என்று வகுத்தால் 1.2 கோடி ஆண்டு வருகிறது. தீவுக்கே 80 லட்சம் வயதுதானே?”

இரண்டால் வகுக்க விட்டுவிட்டீர்கள். 1% என்பது ஒரு கிளையின் வேகம் என்றால், பிரிந்தபின் இரு கிளையும் அதே வேகத்தில் மாறியிருக்கும். வேறுபாடு d, ஒரு கிளையின் வேகம் r, பிரிந்த காலம் T என்றால்:

```
T = d / (2r) = 0.12 / 0.02 = 6
```

அதாவது 60 லட்சம் ஆண்டு. வேகத்தை எடுத்த கட்டுரையை ஒருமுறை திறந்து பாருங்கள்; அது இரு கிளைக்கும் சேர்த்த வேகம் என்றால் உங்கள் 1.2 கோடியே சரி. இந்தக் குழப்பத்தில் விழாதவர் குறைவு.

12% நேரடியாக எண்ணியதா? மரபணுவின் ஒரே இடம் இருமுறை மாறினால் ஒன்றாகத்தான் தெரியும். இப்படி மறைந்த மாற்றங்களையும் சேர்க்கும் ஜூக்ஸ்-கேன்டர் திருத்தத்தில் 12% 13.1% ஆகும், காலம் 65 லட்சம்.

தீவின் வயதுக்குள் அடங்கிவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். வேறு தீவில் பிரிந்த பிறகும் இங்கே வந்திருக்கலாம். அந்த 1% வேகமே தீவின் வயதை வைத்துக் கணித்ததென்றால், இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை.