தரைக்கல்லை மாற்றும் முன் வாங்க வேண்டிய கடிதம்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுகிறோம்; நான் துபாயில் இருக்கிறேன். ஹாலுக்குப் பேசிய ஆத்தங்குடிக் கல் கிடைக்கவில்லை, விட்ரிஃபைட் டைல்ஸ் போடுகிறேன், சதுர அடிக்கு 15 ரூபாய் கூடும் என்று ஒப்பந்தக்காரர் போனில் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: போனில் சம்மதம் சொல்ல வேண்டாம். பொருளை வாங்குவதற்கு முன்பே, எந்த அறையில் எத்தனை சதுர அடிக்கு மாற்றம், புதிய டைல்ஸின் தயாரிப்பு, அளவு, கனம் என்ன என்று எழுதி, ஒப்பந்தக்காரர் கையொப்பமிட்ட அறிவிப்பைக் கேளுங்கள்.

காரணம் என்ற இடத்தில் ‘கிடைக்கவில்லை’ என்ற ஒரு சொல் போதாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதன்று. கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி எடுப்பது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தாமதமாவது நம்பத்தக்கதே. ஆனால் தாமதமாவது வேறு, கிடைக்காமலே போவது வேறு. பட்டறையார் எந்தத் தேதிக்குத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை இணைக்கச் சொல்லுங்கள். சில வாரத் தாமதம் மட்டுமே என்றால், அதற்குள் வேறு வேலைகளை முடித்துக்கொண்டு காத்திருப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

விலை வித்தியாசத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், ஏனெனில் கல்லின் விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். உதாரணமாக, 400 சதுர அடி ஹாலுக்கு ஒப்பந்தத்தில் ஆத்தங்குடிக் கல் 55 ரூபாய், பதித்து மெருகேற்றும் கூலியும் கலவையும் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 46,000 ரூபாய். மாற்று டைல்ஸ் 70 ரூபாயானாலும், மெருகு வேலை இல்லாததால் பதிக்கும் செலவு 40 ரூபாய்தான் என்றால், மொத்தம் 44,000 ரூபாய். ஆத்தங்குடிக் கல் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் கனம், டைல்ஸ் 10 மில்லிமீட்டர் என்பதால், பக்கத்து அறையின் மட்டத்துக்கு வர அடிப்படுகையை உயர்த்த வேண்டும். அதற்கு 4,000 ரூபாய் சேர்த்தால் 48,000 ரூபாய். உண்மையான கூடுதல் 2,000 ரூபாய். சதுர அடிக்கு 15 வீதம் அவர் கேட்கும் 6,000 அன்று. அறிவிப்பில் அடிப்படுகையைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அந்தச் செலவு பிறகு தனி பில்லாக வரும், அல்லது வாசற்படியில் பள்ளம் விழும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 62-ஆம் பிரிவு, இரு தரப்பும் இசைந்தே ஒப்பந்தத்தை மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே ‘மூன்று நாளில் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும்’ என்ற வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். பங்காளிகளுக்குப் பொதுவான வீடாக இருந்தால், யாருடைய ஒப்புதல் செல்லும் என்பதை முன்கூட்டியே எழுதித் தந்துவிடுங்கள். உங்கள் ஒப்புதலை மின்னஞ்சலில், தொகையையும் அறிவிப்பு எண்ணையும் குறிப்பிட்டு அனுப்புங்கள். இறுதி பில்லில் அதே எண் இல்லாத கூடுதல் தொகை எதற்கும் பணம் தர வேண்டாம்.