12 மடங்கா, 5 சதவீத வளர்ச்சியா: டெர்மினல் வேல்யூவில் எதை நம்புவது?

கேள்வி: பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை மதிப்பிடுகிறேன். 5ஆம் ஆண்டில் எபிட்டா 100 கோடி ரூபாய், ஃப்ரீ கேஷ் ஃப்ளோ 40 கோடி, தள்ளுபடி விகிதம் 12%. எபிட்டாவின் 12 மடங்கு என்று வைத்தால் டெர்மினல் வேல்யூ 1,200 கோடி. 5% நிரந்தர வளர்ச்சி என்று போட்டால் 600 கோடிதான். இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இவ்வளவு இடைவெளி இருந்தால் ஏதோ ஒரு அனுமானம் தவறு என்று பொருள். சராசரி எடுத்தால் அந்தத் தவறில் பாதி மதிப்பீட்டிலேயே தங்கிவிடும். முதலில் அந்த 12 மடங்குக்குள் எவ்வளவு வளர்ச்சி ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்:

```
g = (TV × r − FCF) / (TV + FCF)
  = (1200 × 0.12 − 40) / (1200 + 40) = 8.4%
```

ஆண்டுக்கு 8.4%, அதுவும் என்றென்றைக்கும். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கான 4 சதவீதத்தைக் கழித்தாலும், ஒரு பம்ப் கம்பெனி காலமெல்லாம் 4 சதவீதத்துக்கு மேல் நிஜமாக வளர வேண்டும். என்னால் இதை ஏற்க முடியாது. ரூபாய்க் கணக்கில் நிரந்தர வளர்ச்சி 10 ஆண்டு அரசுப் பத்திர வட்டியைத் தாண்டினாலே நான் நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்பேன்.

ஆனால் உடனே மல்டிபிளைக் குறை சொல்லிவிடாதீர்கள். கேஷ் ஃப்ளோவிலும் கோளாறு இருக்கலாம். எபிட்டா 100இல் வரி 20, கேபெக்ஸ் 30, நடைமுறை மூலதனத்துக்கு 10 போய் 40 மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 20 என்றால், வரிக்குப் பிந்தைய இயக்க லாபம் 60 கோடி. அதில் 20 கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு, தொழிலுக்கே திரும்பப் போகிறது. புதிய முதலீட்டில் 20% லாபம் வரும் என்றால், 5% வளர்ச்சிக்குக் கால் பங்கு போதும். அப்படியானால் 5ஆம் ஆண்டின் கேஷ் ஃப்ளோ 40 அல்ல, 45 கோடி. 5% வளர்ச்சியில் டெர்மினல் வேல்யூவும் 675 கோடியாக, அதாவது 6.75 மடங்காக உயர்கிறது.

சரி, இந்த 45ஐ வைத்து 12 மடங்கை மறுபடி சோதித்தால்? அப்போதும் 8% வருகிறது. ஆக, பெரிய கோளாறு மல்டிபிளில்தான். பெரும்பாலும் இன்று பங்குச்சந்தையில் இருக்கும் இதே துறை நிறுவனங்களைப் பார்த்து அந்த 12ஐ எடுத்திருப்பீர்கள். அவற்றின் அடுத்த சில ஆண்டு வேகமான வளர்ச்சிக்கும் சேர்த்துத்தான் சந்தை அந்த விலையைக் கொடுக்கிறது. உங்கள் மாடலில் அந்த வேகம் 5ஆம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் அதே மடங்கைப் போட்டால் ஒரே வளர்ச்சியை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். 7 மடங்கு போட்டுப் பாருங்கள்: உள்ளடங்கிய வளர்ச்சி 5.2% வரும், இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒன்றுசேரும். இல்லை, 5ஆம் ஆண்டுக்குப் பிறகும் நிறுவனம் வேகமாகவே வளரும் என்று நம்பினால், மடங்கைக் கூட்டாமல் கணிப்புக் காலத்தை 10 ஆண்டுகளாக நீட்டுங்கள்.

அப்புறம், கேஷ் ஃப்ளோவை ஆண்டின் நடுவில் வருவதாக வைத்துத் தள்ளுபடி செய்திருந்தால், சூத்திரத்தில் `FCF` வரும் இரண்டு இடத்திலும் அதை `(1+r)^0.5` ஆல் பெருக்குங்கள். முதலில் வந்த 8.4% அப்போது 8.2% ஆகும்.