மிச்சமாக நிற்கும் அந்த 10,000 ரூபாய்

கேள்வி: கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் சிறு யூனிட்டுக்குக் கணக்கு பார்க்கிறேன். ஏப்ரலில் 1,000 கிரைண்டர் தயாரித்து 800 விற்றோம். அப்சார்ப்ஷன் முறையில் லாபம் 5,70,000, வேரியபிள் முறையில் 4,40,000. இருப்பு 200 கூடியது, ஒன்றுக்கு நிலையான ஓவர்ஹெட் 600 ரூபாய். பெருக்கினால் 1,20,000தான் வருகிறது, ஆனால் வித்தியாசம் 1,30,000. மீதி 10,000 எங்கே போனது? மார்ச் இருப்பு 100, ஃபைஃபோ முறை. போன வருடம் ஓவர்ஹெட் ரேட் 500.

பதில்: விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. அப்சார்ப்ஷன் முறையில் நிலையான ஓவர்ஹெட் கிரைண்டரின் அடக்கத்தில் ஏறி, விற்கும்வரை இருப்போடு நிற்கும். வேரியபிள் முறையில் அது அந்த மாதச் செலவாகவே போய்விடும். இருப்பு கூடிய எண்ணிக்கையை ஒரே ரேட்டால் பெருக்கும் வழி, தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் ஒரே ரேட்டில் மதிப்பிடப்பட்டிருந்தால் மட்டுமே சரியாக வரும். உங்களுக்கு ஏப்ரலில் ரேட் மாறிவிட்டது. அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இருப்புக்குள் உட்கார்ந்திருக்கும் நிலையான ஓவர்ஹெட்டை ரூபாயில் பாருங்கள்.

மார்ச் மாத இருப்பு 100 கிரைண்டர். ஒவ்வொன்றிலும் 500 ரூபாய் வீதம் போன வருட வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், தேய்மானம் எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாய் அடங்கியிருக்கிறது. ஃபைஃபோ என்பதால் அந்த 100 ஏப்ரலில் முதலில் விற்றுப் போனது, 50,000 ரூபாயும் ஏப்ரல் செலவில் இறங்கியது. மாதக் கடைசியில் கையிலிருக்கும் 300 கிரைண்டரும் ஏப்ரல் தயாரிப்பு. அதில் 600 வீதம் 1,80,000 ரூபாய் அடுத்த மாதத்துக்குப் போகிறது. 1,80,000 கழித்தல் 50,000, சரியாக 1,30,000. நீங்கள் தேடிய 10,000, பழைய 100 கிரைண்டர் மேல் இருந்த 100 ரூபாய் ரேட் வித்தியாசம்தான்.

ஒப்பீட்டுத் தாளை இப்படி எழுதுங்கள்:

வேரியபிள் முறை லாபம்: 4,40,000
கூட்டு: இறுதி இருப்பில் உள்ள நிலையான ஓவர்ஹெட்: 1,80,000
கழி: தொடக்க இருப்பில் உள்ள நிலையான ஓவர்ஹெட்: 50,000
அப்சார்ப்ஷன் முறை லாபம்: 5,70,000

இருப்பை சராசரி விலையில் மதிப்பிடுபவர்களுக்கும் இதே தாள்தான். இறுதி இருப்பின் ரேட் மட்டும் பழையதும் புதியதும் கலந்து 591 ரூபாய் பக்கம் வரும்.

அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் கால் தடுக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் 600 ரூபாய் ரேட் என்பது மாதம் 6,00,000 ரூபாய் ஓவர்ஹெட்டை வழக்கமான உற்பத்தியான 1,000 கிரைண்டருக்குப் பிரித்தது என்று எடுத்துக்கொள்கிறேன். மே மாதத்தில் 700 மட்டும் தயாரித்து 900 விற்றால் என்ன ஆகும்? தயாரித்த 700 மேல் 4,20,000தான் ஏறும், 1,80,000 ஏறாமல் நிற்கும். அந்தத் தொகையை அப்சார்ப்ஷன் கணக்கில் அந்த மாதச் செலவாகவே எழுதிவிட வேண்டும். மீதமிருக்கும் கிரைண்டர்களின் மதிப்பில் அதைத் திணிக்கக் கூடாது. இருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலைகளான ஏஎஸ் 2, இண்ட் ஏஎஸ் 2 இரண்டும் இதைத் தெளிவாகவே சொல்கின்றன.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். ஏறாத 1,80,000 ரூபாயை ஒப்பீட்டுத் தாளிலும் ஒரு வரியாகப் போட்டுவிடுகிறார்கள். அது அப்சார்ப்ஷன் லாபத்துக்குள் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. வேரியபிள் முறையிலும் முழு 6,00,000 கழிந்துவிட்டது. இரண்டு பக்கமும் முழுதாகச் சுமந்த செலவுக்கு ஒப்பீட்டில் வேலை இல்லை. இருப்போடு மாதம் தாண்டும் பணம் மட்டுமே அங்கே வர வேண்டும். தாள் பொருந்தாமல், விட்டுப்போன தொகை ஏறாத ஓவர்ஹெட்டுக்குச் சமமாக இருந்தால், இந்தத் தவறைத்தான் செய்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

விற்பனை விலை 5,000, மாறும் தயாரிப்புச் செலவு 3,000, விற்பனைக் கமிஷன் 200, நிலையான அலுவலகச் செலவு 4,00,000 என்று வைத்தால் நீங்கள் தந்த ஏப்ரல் லாபம் இரண்டும் அப்படியே வருகின்றன. அதே கணக்கில் மே மாத வேரியபிள் லாபம் 6,20,000. அப்சார்ப்ஷனில் 5,00,000 மட்டுமே. இருப்பு 300லிருந்து 100க்கு இறங்குவதால், ஏப்ரலிலிருந்து உள்ளே வந்தது 1,80,000 ரூபாய், அடுத்த மாதத்துக்கு வெளியே போவது 60,000தான். 1,20,000 வித்தியாசம் அங்கேயே நேராகிவிடுகிறது.

ஏப்ரலைவிட 100 கிரைண்டர் கூடுதலாக விற்றும் அப்சார்ப்ஷன் லாபம் 70,000 குறைந்திருப்பதைக் கவனியுங்கள். முதலாளி இதைப் பார்த்து விற்பனைப் பிரிவைக் குறை சொல்வது பெரிய அநியாயம். ஏப்ரலில் குடோனுக்குப் போன ஓவர்ஹெட் மே மாதத்தில் திரும்பி வந்ததும், மே மாதத்தில் உற்பத்தி குறைந்ததும்தான் காரணம். வருடக் கணக்கும் வங்கிக்குப் போகும் கணக்கும் அப்சார்ப்ஷனில் இருக்கட்டும். ஆனால் மாதாந்திரக் கூட்டத்துக்கு வேரியபிள் தாளை மேலே வைத்து, ஒப்பீட்டை அதன் அடியில் சேர்த்துக் கொடுங்கள்.

அப்புறம் ஒரு வேலை: இருப்புப் பட்டியலில் ஒவ்வொரு லாட்டுக்கும் பக்கத்தில் ‘நிலையான ஓவர்ஹெட்’ என்று ஒரு பத்தி போட்டு, தயாரித்த மாதத்தின் ரேட்டைக் குறித்து வையுங்கள். அலுவலக வாடகையும் கமிஷனும் அந்தப் பத்திக்குள் வரக் கூடாது, தயாரிப்புச் செலவு மட்டும். மாதக் கடைசியில் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகையை எடுத்து, போன மாதத் தொகையைக் கழித்தால் ஒப்பீடு முடிந்துவிடும்.