காதில்லாத பி.பி. மிஷின் கணக்குப் போடும் விதம்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. வீட்டில் கையில் சுற்றும் தானியங்கி பி.பி. மிஷின் வைத்திருக்கிறோம். அதில் பெரும்பாலும் 142/86 அல்லது அதை ஒட்டி வருகிறது. கிளினிக்கில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தால் 150/82 என்கிறார். மிஷினில் சத்தம் கேட்க எதுவுமே இல்லையே, அது எப்படி இரண்டு எண்களைச் சொல்கிறது? யாரை நம்புவது, மிஷினை மாற்ற வேண்டுமா?

பதில்: இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து மிஷினை மாற்ற வேண்டாம். அந்த மிஷின் தன் உணரியால் நேராகப் பிடிப்பது இரத்த அழுத்தத்தின் ஒரே ஒரு எண்ணைத்தான். திரையில் பெரிதாக வரும் இரண்டு எண்களும் அதிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தவை. அந்தக் கணக்கை ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் போடுகிறது. டாக்டரும் மிஷினும் பார்ப்பது வேறு வேறு விஷயங்கள் என்பதால் சில புள்ளிகள் விலகுவது சகஜம்.

டாக்டர் செய்வது 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் கொரோட்காஃப் சொன்ன முறை. கையில் சுற்றிய காற்றுப் பட்டையான கஃபை இறுக்கினால் கையின் பெரிய தமனி மூடிக்கொள்ளும். காற்றை மெல்ல விட்டால், இரத்தம் முதல் தடவை பீறிட்டுப் பாயும்போது ஸ்டெதாஸ்கோப்பில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அது மேல் எண். சத்தம் முழுதாக அடங்கும் இடம் கீழ் எண். தொடக்கமும் முடிவும் காதுக்குத் தெளிவாகத் தெரியும்.

மிஷினுக்கு அந்தத் தெளிவு கிடையாது. அதற்குள் இருப்பது கஃபிலுள்ள காற்றின் அழுத்தத்தை அளக்கும் சின்ன உணரி ஒன்றுதான். ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் தமனி லேசாக விரிந்து கஃபைத் தள்ளுகிறது. உள்ளே காற்று அழுத்தம் ஒரு கணம் ஏறி இறங்குகிறது. இந்த ஏற்றம் பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ. பாதரசம்தான். கிளினிக்கில் வட்ட டயல் கருவி இருந்தால் அடுத்த தடவை முள்ளைக் கவனியுங்கள். இறங்கி வரும்போது ஒரு இடத்திலிருந்து அது துடிப்புக்குத் துடிப்பு துள்ளத் தொடங்கும். வேடிக்கை என்னவென்றால், டாக்டர் காதில் முதல் சத்தம் கேட்பதற்கு முன்பே அந்தத் துள்ளல் ஆரம்பித்துவிடும். தமனி கஃபுக்கு அடியில் மூடியிருந்தாலும், இதயத்தின் பக்கத்திலிருந்து வரும் துடிப்பு கஃபின் மேல் விளிம்பில் வந்து மோதுகிறது. கீழ் எண்ணைத் தாண்டி இறங்கிய பிறகும் துள்ளல் உடனே நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போகும்.

ஆக, ‘இங்கே தொடங்கியது, இங்கே முடிந்தது’ என்று காட்டும் கோடு இந்தத் துள்ளலில், அதாவது கஃப் அழுத்தத்தின் அதிர்வில், இல்லை. ஆனால் உச்சம் உண்டு. அதிர்வு சின்னதாக ஆரம்பித்து, வளர்ந்து, ஓர் இடத்தில் மிகப் பெரிதாகி, மறுபடி குறைகிறது. கஃபின் அழுத்தம் தமனிக்குள் இருக்கும் சராசரி அழுத்தத்துக்குச் சமமாகும் இடத்தில்தான் அந்த உச்சம் வருகிறது. அப்போது சுவரை உள்ளிருந்து தள்ளும் விசையும் வெளியிலிருந்து அழுத்தும் விசையும் கிட்டத்தட்டச் சமம். சுவர் தளர்ந்து நிற்கும், சின்னத் துடிப்புக்கும் நன்றாக ஆடும். பாதி காற்று போன சைக்கிள் ட்யூப் விரல் பட்டதும் நெளிவது போல. 1970களில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்த டைனமாப் என்ற இயந்திரத்தின் முதல் மாடல் சராசரி அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் மட்டுமே காட்டியது. யோசித்தால் அதுதான் நாணயமான கருவி. ஆனால் டாக்டர்களுக்கு வேண்டியது மேல், கீழ் எண்கள். அதனால் பின்னால் வந்த மாடல்கள் அவற்றையும் கணக்கிட்டுச் சொல்லத் தொடங்கின.

அந்தக் கணக்கை அம்மாவின் கையில் வைத்தே போட்டுப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அளவுகள் நிஜத்தில் வருவது போலத்தான் இருக்கும். மிஷின் 180 வரை காற்றடித்து இறக்குகிறது. கஃபில் 160 இருக்கும்போது அதிர்வு 0.8 மி.மீ. 150இல் 1.0, 140இல் 1.25, 130இல் 1.6, 120இல் 2.0 என்று ஏறி, 104இல் 2.4 ஆகிறது. அதற்குப் பிறகு இறக்கம்: 95இல் 2.2, 86இல் 1.8, 75இல் 1.3. ஆக உச்சம் 104. அம்மாவின் சராசரி அழுத்தம் அதுதான். இதுவரை நடந்தது அளவு. இனிமேல் வருவது அனுமானம்.

உங்கள் மிஷினைச் செய்தவர்கள், உச்சம் வந்த 104க்கு மேலான அழுத்தத்தில், அதிர்வு உச்ச அளவில் பாதியாக இருக்கும் இடமே மேல் எண் என்று வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். 2.4இல் பாதி 1.2. அது 150க்கும் 140க்கும் நடுவே, 142இல் வருகிறது. கீழ்ப்பக்கத்தில் முக்கால் பங்கு என்று வைத்திருந்தால் 1.8, அது 86இல் வருகிறது. திரையில் 142/86. இப்போது அதே கை, அதே துடிப்பு, இன்னொரு கம்பெனி மிஷின். அவர்கள் மேல் பக்கம் 0.45 பங்கும் கீழ்ப்பக்கம் 0.70 பங்கும் எடுக்கிறார்கள். 2.4இன் 0.45 பங்கு 1.08, அது ஏறக்குறைய 147இல் நிற்கும். 0.70 பங்கு 1.68, அது 83 அருகே. திரையில் 147/83. டாக்டர் சொன்ன 150/82க்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். அம்மாவின் உடம்பில் எதுவும் மாறவில்லை. மாறியது பங்கு மட்டும்.

இந்தப் பங்குகளை ஆகாயத்திலிருந்து எடுப்பதில்லை. பலரின் கையில் ஸ்டெதாஸ்கோப் அளவையும் அதிர்வையும் சேர்த்து எடுத்து, இரண்டும் சராசரியில் பொருந்தும்படி வைக்கிறார்கள். கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை. அதனால் மிஷினைச் சோதிக்கும் வழி ஒன்றுதான்: ஆட்களை வைத்துப் பார்ப்பது. இன்றைய சர்வதேசத் தரச் சோதனையில் குறைந்தது 85 பேரிடம் பயிற்சி பெற்றவர்களின் ஸ்டெதாஸ்கோப் அளவோடு ஒப்பிட வேண்டும்; சராசரிப் பிழை 5 மி.மீ.க்குள்ளும், ஆளுக்கு ஆள் சிதறல் 8 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். சராசரியில் தேறிய மிஷின்கூட ஒரு குறிப்பிட்ட ஆளிடம் தொடர்ந்து 8 புள்ளி குறைத்துச் சொல்லலாம் என்பது இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

அம்மாவின் வயதில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. மேலே உள்ள கணக்கில் 150க்கும் 140க்கும் இடையே அதிர்வு 0.25 மி.மீ. மட்டுமே மாறுகிறது. அதாவது அதிர்வை அளப்பதில் 0.1 மி.மீ. பிசகினால் மேல் எண் 4 புள்ளி நகர்ந்துவிடும். தமனி விறைத்தவர்களுக்கு இந்தச் சரிவு இன்னும் மட்டமாகிவிடும், உச்சமும் கூர்மையாக இருக்காது. அகலமாகப் பரந்து கிடக்கும். அப்போது ஒரே சின்னப் பிசகு மேல் எண்ணை அதிக தூரம் தள்ளும். அளக்கும்போது பேசாதீர்கள், கையை அசைக்காதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். முழங்கையை லேசாக மடக்கினாலே மேல்கைத் தசை இறுகிக் கஃபைத் தள்ளும். மிஷினுக்கு அது தசையா தமனியா என்று தெரியாது. நல்ல மிஷின் ஒழுங்கில்லாத துடிப்பைத் தள்ளிவிட்டு மறுபடி காற்றடிக்கும், இல்லையென்றால் பிழைக் குறி காட்டும். மோசமானது தயங்காமல் ஒரு எண்ணைச் சொல்லிவிடும்.

இதயத் துடிப்பே ஒழுங்கற்றிருந்தால், அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களிடம், கணக்கு இன்னும் சிக்கலாகும். நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் துடிப்பு பெரிதாகவும், அவசரமாக வரும் துடிப்பு சின்னதாகவும் இருக்கும். அழகாக ஏறி இறங்க வேண்டிய அதிர்வு வரிசை பல்லிளித்துக்கொண்டு நிற்கும். அதில் உச்சம் எது என்பதே சந்தேகம். ஒழுங்கற்ற துடிப்புக் குறி அடிக்கடி வந்தால், ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள், அதோடு டாக்டரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறிலும் சில மிஷின்கள் குறைத்துக் காட்டுவதுண்டு. அதனால் கர்ப்பிணிகளுக்கென்று தனியாகச் சோதிக்கப்பட்ட மாடலை மட்டுமே நம்ப வேண்டும். அம்மாவுக்கு இது தேவையில்லை. ஆனால் வீட்டில் ஒரே மிஷினை எல்லோரும் கட்டிப் பார்ப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

கஃபின் அளவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, கஃபில் அச்சிட்டிருக்கும் வரம்போடு ஒப்பிட வேண்டும். 22 முதல் 32 செ.மீ. என்று போட்டிருக்கும் கஃபை 35 செ.மீ. கையில் சுற்றினால், அழுத்தம் தமனி வரை முழுதாக இறங்காது. அதை மூட மிஷின் கூடுதலாக அழுத்த வேண்டிவரும், எண்கள் உயர்ந்து காட்டும். அம்மாவின் கை பெருத்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரி, உங்கள் மிஷினைச் சோதிப்பது எப்படி? கடைக்காரர் ‘காலிபரேஷன் செய்து தருகிறேன்’ என்றால் அது பாதி விடைதான். அவர் கஃபில் 100 அழுத்தம் வைத்து, மிஷினும் 100 காட்டுகிறதா என்று பார்ப்பார். அது உணரியைச் சோதிக்கிறது. அந்த உணரியிலிருந்து மேல், கீழ் எண்களை எடுக்கும் கணக்கை அது தொடுவதே இல்லை.

அதனால் மிஷினைக் கிளினிக்குக்கே எடுத்துப் போங்கள். அம்மா ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி உட்காரட்டும். ஒரே கையில், மிஷின், டாக்டர், மிஷின், டாக்டர் என்று ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நிமிடம் விட்டு அளக்கச் சொல்லுங்கள். வீட்டில் 142, கிளினிக்கில் 150 என்பதில் ஒரு பகுதி கிளினிக் பதற்றமாகவும் இருக்கலாம். அடுத்தடுத்து அளந்தால் அது கழிந்துவிடும். மேல் எண்ணில் வித்தியாசம் 5க்குள் இருந்தால் மிஷினை வைத்துக்கொள்ளுங்கள். 10ஐத் தாண்டினால், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாகத் தாண்டினால், கஃப் அளவைப் பார்த்த பிறகு வேறு மாடலுக்கு மாறுவது நல்லது. இடைப்பட்டதாக இருந்தால், எத்தனை புள்ளி விலகுகிறது என்பதை டாக்டரின் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதைக் கணக்கில் வைத்து அவர் முடிவு செய்யட்டும். இடையில் அந்த மிஷினை விட்டு அண்டை வீட்டு மிஷினில் பார்த்து ‘இன்றைக்கு ஆறு புள்ளி ஏறிவிட்டது’ என்று பதற வேண்டாம். அந்த ஆறு புள்ளி இரண்டு கம்பெனிகளின் பங்குக் கணக்கில் உள்ள வித்தியாசமாகவே இருக்கலாம்.